ஈப்போவில் குத்திய ஊசி: உலக உருண்டை, விளக்கு, புவியின் சாய்வு பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

இருட்டாக்கிய வகுப்பறையின் நடுவில் ஒரு விளக்கு. அதைச் சுற்றி ஆசிரியர் உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். வடபாதி விளக்கை நோக்கிச் சாயும்போது கோடை, விலகிச் சாயும்போது குளிர்காலம் என்கிறார். பருவங்களைக் கற்பிக்க உலகெங்கும் நடக்கும் பாடம் இது. பேராக் மாநிலத்தில் இதை நடத்தும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். செம்பனைக்கு மாறிவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் பள்ளியில் என்னிடமும் அது வந்தது: "சார், உருண்டை நமக்கும் சேர்த்துத்தானே சாயுது? அப்புறம் ஏன் நமக்குக் கோடையும் இல்ல, குளிரும் இல்ல?"

அந்தப் பிள்ளையின் கேள்வி சரியானது. பாடம்தான் வேறு ஊருக்காகச் செய்யப்பட்டது. வழக்கமாக உருண்டையில் இலண்டனையோ நியூயார்க்கையோ காட்டிப் பருவங்களை விளக்கிவிட்டு, நிலநடுக்கோட்டுக்கு அருகே மாற்றம் குறைவு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஈப்போவில் ஓர் ஊசியைக் குத்திவிட்டு அதே பாடத்தை நடத்தினால் என்ன தெரியும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. கருவிகளை அமைக்கும் முறை

30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை, மறைப்பில்லாத ஒரு பல்பு, சுண்ணாம்புக் கட்டி, 1 செ.மீ. உயர ஊசி, சிறிது களிமண் ஆகியவை போதும். கடைகளில் கிடைக்கும் உருண்டைகள் 23.5 பாகை சாய்வோடுதான் தாங்கியில் பொருத்தப்பட்டிருக்கும். ஈப்போ வட அகலாங்கு 4.6 பாகையில் உள்ளது. இந்த அளவு உருண்டையில் அது நிலநடுக்கோட்டிலிருந்து 12 மில்லிமீட்டர்தான். கடகக் கோடோ 6 செ.மீ. தள்ளி இருக்கிறது. உச்சிச் சூரியன் ஓராண்டில் வடக்கே 6 செ.மீ., தெற்கே 6 செ.மீ. போய்வரும் பட்டைக்குள் நம் ஊசி நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் அளவுகோலால் அளந்தே பார்க்கலாம்.

பல்பின் நடுப்பகுதி உருண்டையின் மையத்தோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. 1 மீட்டர் தொலைவில் பல்பு 10 செ.மீ. உயர்ந்துவிட்டால் ஒளி ஏறத்தாழ 6 பாகை பிசகும். ஈப்போவின் அகலாங்கே 5 பாகைக்கும் குறைவு என்பதால், அந்தப் பிசகு ஒன்றே நம் ஊரைப் பற்றிய பாடத்தைப் பொய்யாக்கிவிடும்.

அடுத்தது அச்சின் திசை. உருண்டையின் வடமுனை எந்நேரமும் ஒரே சுவரை, சன்னல் சுவர் என்று வைத்துக்கொள்வோம், நோக்கியே சாய்ந்திருக்க வேண்டும். விளக்கைச் சுற்றித் தரையில் நான்கு இடங்களைக் குறிக்கிறோம். சன்னல் பக்கத்து இடத்தில் வடமுனை விளக்கைவிட்டு விலகிச் சாயும், அது டிசம்பர். எதிர்ப்பக்கத்தில் விளக்கை நோக்கிச் சாயும்; அது ஜூன். மேலிருந்து பார்க்கக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நடந்தால் டிசம்பருக்குப் பின் மார்ச், ஜூன், செப்டம்பர் என்று வரும். நடப்பவரின் கை தன்னையறியாமல் தாங்கியைத் திருப்பிவிடுவதுதான் இந்தப் பாடத்தில் அடிக்கடி நேரும் தவறு. ஜூன் இடத்தில் தொடங்கித் திருப்பிவிட்டால் வடமுனை எப்போதும் விளக்கையே பார்த்திருக்கும். ஆண்டு முழுவதும் ஜூன்தான். ஒரு மாணவரைச் சன்னலோரம் நிறுத்தி, வடமுனை தன் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று மட்டும் கவனிக்கச் சொன்னால் தவறு உடனே பிடிபடும்.

3. ஊசியின் நிழல் சொல்வது

ஒவ்வோர் இடத்திலும் ஈப்போ விளக்குக்கு நேராக வரும்வரை உருண்டையைச் சுழற்றி நிறுத்துகிறோம். அதுவே ஈப்போவின் உச்சிவேளை. டிசம்பரில் ஊசியின் நிழல் வடக்கே ஏறத்தாழ 5 மி.மீ. நீளும். மார்ச்சில் 1 மி.மீ. கூட இருக்காது. ஜூனில் நிழல் திசை மாறித் தெற்கே 3 மி.மீ. விழும். நிழல் பக்கம் மாறும் இந்த ஒரு காட்சியை இலண்டனில் குத்திய ஊசி ஒருபோதும் தராது. அங்கே உச்சி நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான்.

இதைப் பள்ளித் திடலிலும் சரிபார்க்கலாம். செங்குத்தாக நட்ட 1 மீட்டர் கம்புக்கு உச்சி நிழல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வடக்கே 53 செ.மீ., ஜூன் 21-ஐ ஒட்டித் தெற்கே 34 செ.மீ. இருக்கும். ஏப்ரல் 1, 2 தேதிகளிலும் செப்டம்பர் 10, 11 தேதிகளிலும் சூரியன் ஈப்போவின் உச்சிக்கே வருவதால் நிழல் கம்பின் அடியில் ஒடுங்கிவிடும்.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் ஏப்ரல் முதல் தேதி, நிழலில்லா வேளையைக் காட்டுவதாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சரியாக 12 மணிக்குத் திடலுக்கு அழைத்துப் போனேன். நிழல் மேற்கே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக நீண்டு கிடந்தது. கடிகாரம் காட்டும் 12 மணி ஈப்போவின் உச்சிவேளை அல்ல என்பதை மறந்திருந்தேன். 1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் கிழக்கு நெட்டாங்கு 120 பாகையை ஒட்டியது. ஈப்போ இருப்பதோ 101 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் கணக்கிட்டால் நம் உச்சிவேளை பிற்பகல் ஏறத்தாழ 1.15. ஏப்ரல் தொடக்கத்தில் அது 1.20-ஐத் தொடும். அடுத்த நாள் அந்த நேரத்தில் போய் நின்றோம். நிழல் கம்பின் அடிக்குள் அடங்கியிருந்தது.

4. இலண்டனும் ஈப்போவும்: ஓர் ஒப்பீடு

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வரலாம். ஈப்போவின் உச்சிச் சூரியன் மிகத் தாழ்ந்து நிற்பது டிசம்பரில். அப்போது அதன் உயரம் 62 பாகை. இலண்டனின் உச்சிச் சூரியன் மிக உயர்ந்து நிற்பது ஜூனில். அப்போது அதன் உயரமும் 62 பாகைதான். அவர்களுடைய கோடையின் உச்சி நமக்கு ஆண்டின் அடிமட்டம்.

இதைக் கையில் பிடித்துக் காட்டக் கட்டத்தாளும் கைவிளக்கும் போதும். விளக்கை நேர்மேலே பிடித்து, ஒளி 10 கட்டங்களில் விழுமாறு வைக்கிறோம். ஈப்போவின் டிசம்பர் சாய்வுக்குத் தாளைத் தாழ்த்தினால் அதே ஒளி 11 கட்டங்களுக்குச் சற்று மேல் பரவும். வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. இலண்டனின் டிசம்பர் சாய்வான 15 பாகைக்குத் தாழ்த்தினால் ஒளி 39 கட்டங்களுக்கு நீண்டு மங்கிவிடும். குளிர்காலம் என்பது அந்த மங்கல்தான். பகலின் நீளமும் அதனோடு சேர்கிறது. ஈப்போவில் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே அரை மணி நேரம்தான் வேறுபாடு; இலண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல்.

சூரியன் அருகில் வந்தால் கோடை என்ற எண்ணமும் இங்கேயே உதிர்ந்துவிடும். புவி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது சனவரி முதல் வாரத்தில். இலண்டன் நடுங்கும் காலம் அது.

5. சாய்வு நமக்குச் சுற்றிவந்து சேரும் வழி

அப்படியானால் சாய்வினால் பேராக்கில் ஒன்றுமே நடப்பதில்லையா? நடக்கிறது. நேராக வராமல் காற்றின் வழியே வருகிறது. டிசம்பரில் ஆசியாவின் வடபகுதி விளக்கைவிட்டு விலகிக் குளிர்கிறது. அங்கிருந்து வடகிழக்குப் பருவக்காற்று நம்மை நோக்கி வீசுகிறது. ஜூனில் தென்பாதி குளிர, காற்று திசை மாறித் தென்மேற்கிலிருந்து வருகிறது. கிழந்தானுக்கும் திரங்கானுவுக்கும் வெள்ளம் கொண்டுவரும் வடகிழக்குக் காற்றைத் தீத்திவங்சா மலைத்தொடர் நமக்குத் தடுத்துவிடுகிறது. காற்று மாறும் இடைக்காலங்களான ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரை ஒட்டியும்தான் ஈப்போவில் மழை மிகுகிறது. வகுப்பறை விளக்குக்கு முன்னால் இதைக் காட்ட முடியாது. ஆனால் டிசம்பர் இடத்தில் உருண்டையை நிறுத்திச் சைபீரியாவின் இருட்டைச் சுட்டிக்காட்டி, அங்கே கனத்த குளிர்காற்று இங்கே வருகிறது என்று விரலால் வழி வரையலாம்.

இந்த ஓட்டத்தை நம் முன்னோர் பால்மரத்தில் படித்தார்கள். 1877இல் கோலாகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளிலிருந்தே பேராக்கில் ரப்பர் தொடங்குகிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில், மழை குறையும்போது, பால்மரம் இலைகளை மொத்தமாக உதிர்க்கும். தளிர் விடும் வரை பால் குறையும், கூலியும் குறையும். குளிரே இல்லாத ஊரில் தோட்ட மக்கள் அறிந்த இலையுதிர் காலம் அது. பிறகு மார்ச், ஏப்ரலில் மரம் பூக்கும். ஆகஸ்டு, செப்டம்பரை ஒட்டி மீண்டும் சிறிதளவு பூக்கும். சூரியன் உச்சியைக் கடக்கும் இரண்டு காலங்களில் கூடும் ஒளியே இந்தப் பூப்பைத் தூண்டுகிறது என்ற கருதுகோளை மலேசிய ரப்பர் வாரிய ஆய்வாளர் ஒருவர் 2007இல் வெளியிட்டார். அது உண்மையானால் ஊசியின் நிழல் ஆண்டில் இருமுறை ஒடுங்குவதைப் பால்மரமும் உணர்ந்திருக்கிறது.

6. மாதிரியின் எல்லையும் ஒரு மாற்றும்

விளக்கு சூரியன் ஆகாது. சூரிய ஒளி புவிக்கு ஏறத்தாழ இணையாக வருகிறது. பல்பின் ஒளி விரிந்து வருகிறது. அதனால் பல்பு உருண்டையில் சரிபாதியை ஒளியூட்டாது. 1 மீட்டர் தொலைவில் ஒளி எல்லை ஒவ்வொரு பக்கமும் 8.6 பாகை குறையும். நிலநடுக்கோட்டில் பகல் 11 மணி நேரத்துக்கும் குறைவாகத் தோன்றும். 3 மீட்டருக்குத் தள்ளினால் குறை 3 பாகையாகச் சுருங்கும். மார்ச் இடத்தில் நிலநடுக்கோட்டின் மேல் ஒளி விழும் பாகைகளை எண்ணினால் இந்தக் குறை தெரிந்துவிடும்; 180 வர வேண்டும்.

குறையே இல்லாத ஒரு வழியும் உண்டு. உருண்டையைத் தாங்கியிலிருந்து கழற்றி, துணியைச் சுருட்டிய ஒரு சும்மாட்டின் மேல் திடலில் வைக்க வேண்டும். ஈப்போ உருண்டையின் உச்சியிலும், வடமுனை மெய்யான வடக்கை நோக்கியும் இருக்கட்டும். வடக்கைக் கம்பின் உச்சிவேளை நிழல்கோடு காட்டிக்கொடுக்கும். அச்சு ஏறத்தாழ தரைக்கு இணையாகப் படுத்திருப்பதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். ஆனால் நாம் நிற்கும் இடத்தில் புவியின் அச்சு அப்படித்தான் கிடக்கிறது. வடமீன் நமக்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 5 பாகையே எழுந்து சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்குப் பின்னால் மறைந்துபோவதும் அதனால்தான். இனி விளக்கே வேண்டாம். மெய்யான சூரியன், அந்த நொடியில் புவியின் எந்தப் பாதி பகலோ அதே பாதியை உருண்டையிலும் ஒளியூட்டும்.

7. முடிவு

சாய்வு உலகுக்கெல்லாம் ஒன்றுதான். அதன் விளைவு ஊருக்கு ஊர் வேறு. வடக்கே அது ஒளியைக் குறைத்துக் குளிரைத் தருகிறது; பேராக்கில் சூரியனை இருமுறை உச்சிக்குக் கொண்டுவந்து, காற்றைத் திருப்பி, மழையைப் பிரித்துத் தருகிறது. ஆகவே இந்தப் பாடத்தை இங்கே தொடங்க வேண்டிய இடம் நிலநடுக்கோட்டுக்கு 12 மி.மீ. மேலே குத்திய ஊசி. அந்தப் பிள்ளைக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: நமக்கும் சேர்த்துத்தான் சாய்கிறது தம்பி, ஏப்ரல் பிறக்கும்போது பிற்பகல் ஒன்று இருபதுக்குத் திடலுக்கு வா, உன் நிழல் உன் காலடியில் ஒடுங்குவதைப் பார்க்கலாம்.