ஏணியை இரவல் கொடுத்த நூலகம்



கல்யாணம், காதுகுத்து என்றால் ஆலய ஸ்டோரிலிருந்து அண்டா, கரண்டி, பாய் வாங்கிப்போய், கழுவித் திருப்பிக் கொடுப்பது தோட்டத்துக் காலத்திலிருந்தே நம்ம பழக்கம். ஏணி, டிரில் மெஷினையும் இப்படி வைக்கலாமேன்னு தாமான்வாசிகள் சிலர் கேட்டாங்க. அதனால, இதை முன்னாடியே செஞ்சவங்க கதையைப் பகிர்கிறோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து குரோஸ் பாயின்ட் நூலகம் 1943-லேயே கருவிகளை இரவல் கொடுக்க ஆரம்பிச்சது. உலகப் போர் நேரம். தொழிற்சாலைகள் போர்த் தளவாடம் செய்யப் போனதால், கடையில் வீட்டுச் சாமான் கிடைப்பதே கஷ்டம்.

ஆனா நமக்குப் பாடமா இருப்பது கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம். அங்கே 1979-ல் 30,000 டாலர் அரசு மானியத்தில், சுமார் 500 கருவிகளோடு, ஒரு டிரெய்லர் வண்டிக்குள் தொடங்கினாங்க. நூலக அட்டை வைத்திருக்கும் ஊர்க்காரர் புத்தகம் மாதிரியே ரம்பத்தையும் எடுத்துப் போகலாம்.

மானியம் என்பது ஒருநாள் நிற்கும். பெர்க்லியில் பிறகு நகர மக்கள் கட்டும் நூலக வரியிலிருந்தே செலவு பார்த்தாங்க. கருவிகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பள ஆளும் இருந்தார். அதனாலதான் அது நிலைத்தது. 2013-ல் நூலகக் கிளையைப் புதிதாகக் கட்டியபோது கருவிகளுக்கும் அதிலேயே இடம் கிடைத்தது.

கருவி வாங்குவது ஒருநாள் செலவு. பராமரிப்பு வருஷா வருஷம் வரும் செலவு. அண்டா நசுங்கினாலும் சோறு வேகும். டிரில் அப்படியில்லை. திரும்பி வரும்போது வயரில் வெட்டு இருக்கா, ஓட விட்டால் கருகல் வாடை வருதா, துளையிடும் ஊசிகள் எண்ணிக்கை சரியா என்று அங்கேயே, கொண்டு வந்தவர் முன்னாலேயே பார்க்கணும். ஏணியில் நாலு காலுக்கும் ரப்பர் இருக்கணும், விரித்து வைத்தால் ஆடக்கூடாது. ஃபேக்டரி ஸ்டோரிலும் இதுதான் முறை. பார்க்காமல் அலமாரியில் வைத்தால், அடுத்து வாங்குபவர் கையில்தான் ஷாக் அடிக்கும்.

இன்னொரு சிக்கல், தீபாவளிக்கு முந்தைய ரெண்டு வாரம். எல்லா வீட்டிலும் பெயிண்ட் வேலை. எல்லாருக்கும் ஒரே ஏணி வேணும். ஆளுக்கு ரெண்டு நாள் தவணை, முன்பதிவு நோட்டு ரெண்டும் இல்லேன்னா மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

அதனால நன்கொடையாக டிரில் கொடுக்க முன்வந்த அன்பர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நோட்டோடு உட்கார்ந்து, வந்த கருவியைச் சோதிக்க ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேர் முதலில் பெயர் கொடுங்க. கருவிகளை அப்புறம் வாங்கிக்கலாம்.


ஆலயத் தொண்டர்கள்