பெயர் வந்தது, லென்ஸ் வரவில்லை: பொருள் ரெண்டர்களில் கேமரா எண்களின் வரலாறு

நிழற்படக் கேமராவில் அப்பர்ச்சர் ஒன்றுதான், வேலை மூன்று. எவ்வளவு ஒளி உள்ளே போகிறது, முன்னும் பின்னுமாக எவ்வளவு ஆழம் கூர்மையாகத் தெரிகிறது, கூர்மை இழந்த ஒளிப்புள்ளி எந்த வடிவில் விரிகிறது என்ற மூன்றையும் அந்தத் துளையே தீர்மானிக்கிறது. அதைத் தொட்டால் மூன்றும் சேர்ந்து மாறும். கணினி வரைகலையில் எக்ஸ்போஷர், கூர்மை ஆழம், போக்கே ஆகிய இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக, தனித்தனியே வந்து சேர்ந்தன. அதனால்தான் இன்றைய ரெண்டர் மென்பொருளில் கேமராவின் பெயர்களெல்லாம் இருந்தும், மிக நெருக்கத்தில் காட்டப்படும் பொருளுக்கு நிழற்படக்காரரின் எண்களை அப்படியே இட்டால் அவருடைய படம் கிடைப்பதில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். கேமராவின் எண்ணைவிட அதன் வடிவியலைக் கொண்டுவருவதே சரியான வழி என்பதற்கான சான்றுகளைக் கீழே பார்க்கலாம்.

டர்னர் விட்டெட் 1980இல் வெளியிட்ட கதிர்த்தடக் கட்டுரையில் கண்ணாடிக் கோளங்களும் எதிரொளிப்புகளும் இருந்தன, லென்ஸ் இல்லை. எல்லாக் கதிர்களும் ஒரே புள்ளியிலிருந்து புறப்பட்டதால் அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒரே கூர்மையோடு தெரிந்தன. அது ஊசித்துளைக் கேமரா. மறு ஆண்டே மைக்கேல் பொட்மெசிலும் இந்திரனில் சக்ரவர்த்தியும் லென்ஸையும் அப்பர்ச்சரையும் கணக்கில் எடுத்தார்கள். ஆனால் அவர்கள் முதலில் கூர்மையான படத்தை உருவாக்கி, ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் வைத்துப் பிறகு மங்கலாக்கினார்கள். ஊசித்துளைக்குத் தெரியாத, முன்பொருளின் விளிம்புக்குப் பின்னால் மறைந்த பரப்பை இந்த முறை எங்கிருந்து கொண்டுவரும்? விரிந்த லென்ஸ் அந்த விளிம்பைச் சற்றே சுற்றிப் பார்க்கக்கூடியது. 1984இல் லூகாஸ்ஃபிலிமின் ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லாரன் கார்பென்டர் மூவரும் கதிர்களை லென்ஸின் பரப்பெங்கும் பரப்பி விட்டு இந்தச் சிக்கலைத் தீர்த்தனர். இன்று பெரும்பாலான ரெண்டர் மென்பொருள்கள் செய்வது இதைத்தான். 1995இல் கிரெய்க் கோல்ப், டான் மிட்செல், பாட் ஹன்ரஹான் ஆகியோர் உண்மையான லென்ஸின் ஒவ்வொரு கண்ணாடி வழியாகவும் கதிரைச் செலுத்தி, ஃபிலிம் மீது விழும் ஒளியின் அளவையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். மூன்று வேலைகளும் ஒரே துளைக்குத் திரும்பிய இடம் அதுதான். ஆனால் அன்றாடத் தொழில் அவ்வளவு தூரம் போகவில்லை; மெல்லிய லென்ஸோடு நின்றுகொண்டு, பெயர்களை மட்டும் கேமராவிலிருந்து எடுத்துக்கொண்டது.

இந்தக் குறை நெடுங்காலம் பெரிதாகத் தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஐக்கியா நிறுவனத்தின் விலைப்பட்டியல் புத்தகத்தில் 2006இல் பெர்ட்டில் என்ற மர நாற்காலி கணினிப்படமாக இடம்பெற்றது. 2014 வாக்கில் ஐக்கியாவின் தனிப்பொருள் படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு ரெண்டர்கள் என்று அந்நிறுவனத்தினரே சொன்னார்கள். நாற்காலிக்கு லென்ஸ் எவ்வளவு அவசியம் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 80 செ.மீ. உயரமான பொருள், 36க்கு 24 மி.மீ. சென்சாரில் 20 மி.மீ. உயரத்துக்கு விழுகிறது என்றால் உருப்பெருக்கம் நாற்பதில் ஒன்று. f/11இல், சென்சாரில் 0.03 மி.மீ. வரையிலான மங்கலைக் கூர்மை என்று ஏற்றுக்கொண்டால், கூர்மை ஆழம் ஒரு மீட்டருக்கும் சற்று மேல். நாற்காலி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். வெள்ளைப் பின்னணியில் நிற்கும் நாற்காலிக்கு ஊசித்துளைப் படமும் லென்ஸ் படமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அறைகலனில் வெற்றி பெற்ற பழக்கத்தைக் கைக்கடிகாரத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் பிழை வெளிப்படுகிறது.

முகப்பின் குறுக்களவு 40 மி.மீ. உள்ள கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். நிழற்படக்காரர் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை f/8இல் வைத்து, முகப்பு சென்சாரில் 20 மி.மீ. ஆக விழும்படி ஃபோகஸ் செய்கிறார். உருப்பெருக்கம் பாதி. எளிய லென்ஸ் சமன்பாட்டின்படி கடிகாரம் லென்ஸிலிருந்து 300 மி.மீ. தொலைவிலும், சென்சார் லென்ஸுக்குப் பின்னால் 150 மி.மீ. தொலைவிலும் இருக்கும். அருகே ஃபோகஸ் செய்யச் செய்ய லென்ஸ் சென்சாரை விட்டு விலகிப் போகிறது என்பது இங்கே முக்கியம். துளையின் விட்டம் 100ஐ 8ஆல் வகுத்த 12.5 மி.மீ.; கூர்மை ஆழம் சுமார் 2.9 மி.மீ. இப்போது பிளெண்டரின் சைக்கிள்ஸில் அதே 100, அதே 8 என்று இடுகிறோம். அங்கே குவியத் தூரம் என்ற பெட்டி உண்மையில் துளைக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறிக்கிறது. ஃபோகஸ் எங்கே இருந்தாலும் அது நகராது. ஆகவே 300 மி.மீ. தொலைவில் கடிகாரம் சிறிதாகத் தெரிகிறது. சட்டத்தை நிரப்ப கேமராவை 200 மி.மீ. தொலைவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். அதன் விளைவு இரண்டு: முகப்பின் அருகிலுள்ள விளிம்பு புடைத்தாற்போலப் பார்வைக்கோணம் மாறுகிறது, கூர்மை ஆழம் 1.9 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. எண்கள் இரண்டும் சரி, படம் வேறு.

திருத்தம் எளிது. உண்மையான கேமராவில் சென்சார் நின்ற தூரத்தையே குவியத் தூரமாக இட வேண்டும். துளையின் விட்டம் அதே 12.5 மி.மீ. ஆக நிற்க, 150ஐ 12.5ஆல் வகுத்து வரும் 12ஐ எஃப் எண்ணாக இட வேண்டும்.

```
Focal Length     150 mm
Sensor Width     36 mm
F-Stop           12.0
Focus Distance   0.3 m
```

இந்த 12 தற்செயலாக வந்ததல்ல. குறித்த எஃப் எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் (8 × 1.5) கிடைப்பது அது. மேக்ரோ எடுப்பவர்கள் ஒளி இழப்பைச் சரிசெய்யக் காலங்காலமாகப் போட்டுவரும் அதே கணக்கு. நாற்காலிக்கு இந்தத் திருத்தம் இரண்டரை விழுக்காடு மட்டுமே. அங்கே அதை மறந்துவிடலாம்.

இதைவிடப் பெரிய பிழை அளவில் நேர்வது. பொறியியல் வரைபடத்திலிருந்து வரும் மாதிரி பத்து மடங்கு பெரிதாக இறங்கிவிட்டால், கேமராவையும் மூன்று மீட்டருக்கு நகர்த்திச் சட்டத்தைச் சரிசெய்துவிட முடியும். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் துளை 12.5 மி.மீ. ஆகவே இருப்பதால் கடிகாரத்தோடு ஒப்பிடும்போது கூர்மை ஆழம் பத்து மடங்காகிவிடும். மங்கலே இல்லை என்று எஃப் எண்ணைக் குறைத்துக்கொண்டே போய் 1.2இல் நிற்கும் கோப்பு, மாதிரியின் அளவை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்பதற்கான அடையாளம். பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று கேட்கலாம். 2010இல் ராபர்ட் ஹெல்டும் உடன் ஆய்வாளர்களும் மங்கலின் அளவை மாற்றியே நகரக் காட்சியைப் பொம்மை நகரம் போலத் தோன்றச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். பொருளின் பருமனைக் கண் ஓரளவு மங்கலை வைத்தே ஊகிக்கிறது. முள்ளும் பட்டையும் ஒரே கூர்மையில் தெரியும் கடிகாரம் சுவரில் மாட்டுவது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்போஷர் பக்கம் வந்தால் எதிர்வாதம் வலுவானது. வி-ரேயின் பிசிகல் கேமராவில் எஃப் எண், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் வெளிச்சத்தை மாற்றும். சைக்கிள்ஸில் எஃப் எண்ணை எப்படித் திருகினாலும் படம் இருளவோ வெளுக்கவோ செய்யாது. எக்ஸ்போஷர் அங்கே தனிப் பெருக்கல் எண். இந்தப் பிரிவு ஓவியருக்கு வசதிதானே என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டூடியோவிலும் f/8இலிருந்து f/2.8க்கு வந்தால் மூன்று ஸ்டாப் கூடும். நிழற்படக்காரர் ஃபிளாஷின் சக்தியை எட்டில் ஒன்றாகக் குறைத்துவிடுவார். முடிவில் படத்தில் அந்த இணைப்பின் தடயம் இருக்காது. தடயம் விட்டுச்செல்லும் இணைப்பு வேறிடத்தில் இருக்கிறது: எக்ஸ்போஷருக்கும் போக்கேவுக்கும் நடுவே.

வெள்ளைத்தாளைவிட 500 மடங்கு பிரகாசமான ஒரு மினுக்கு, பட்டையின் எஃகு விளிம்பில் இரண்டு பிக்சல் அகலத்தில் விழுகிறது என்று கொள்வோம். ஃபோகஸுக்கு வெளியே அது இருபது பிக்சல் வட்டாக விரிந்தால் அதன் ஒளி நூறு மடங்கு பரப்பில் பங்கிடப்படும். அப்போதும் வெள்ளையைவிட ஐந்து மடங்கு மிஞ்சும். விளிம்பு தெளிவான ஒளிவட்டு கிடைக்கும். அதே மினுக்கை முதலில் வெள்ளையில் வெட்டிவிட்டுப் பிறகு மங்கலாக்கினால் மிஞ்சுவது நூறில் ஒரு பங்கு. வட்டு காணாமலே போய்விடும். பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997இல் இந்த உண்மையை அசைவு மங்கலை வைத்து நிறுவினார்கள்: சாதாரணப் படத்தை மங்கலாக்கியபோது விளக்குகள் சோகை பிடித்தன, முழு ஒளியளவும் பதிவான படத்தை மங்கலாக்கியபோது கேமராவை அசைத்து எடுத்த உண்மைப்படத்தோடு ஒத்துப்போயிற்று. லென்ஸில் ஒளி கலப்பது முன்னால், ஃபிலிம் அதை வெட்டுவது பின்னால். இந்த வரிசை குலைந்தால் அப்பர்ச்சருக்கு ஏழு இதழா ஒன்பது இதழா என்று `Blades` பெட்டியில் தேர்ந்தெடுப்பதால் பயனில்லை. வரிசை தெரியாமலே குலையும் இடமும் ஒன்று உண்டு. இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் `Clamp Indirect`, பிளெண்டரில் இயல்பாகவே 10. கடிகாரத்தின் மேற்கண்ணாடியைத் தாண்டி உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அது மறைமுக ஒளியாகவே எண்ணும். நம்முடைய 500 அங்கேயே வெட்டுப்படும். முகப்பின் உள்வளையத்தில் மட்டும் போக்கே சாம்பல் பூத்துக் கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணை.

கடைசி ஆட்சேபம் தொழிலிலிருந்தே வருகிறது. கடிகாரம் எடுப்பவர்கள் 2.9 மி.மீ. ஆழத்தோடு திருப்தி அடைவதில்லை. ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக அடுக்குகிறார்கள். அவர்களே தாண்டத் துடிக்கும் வரம்பை ரெண்டர் ஏன் சுமக்க வேண்டும்? அவர்கள் ஏன் f/22 வைத்துவிட்டுப் போவதில்லை என்பதில் பதில் இருக்கிறது. இந்த உருப்பெருக்கத்தில் f/22 நடைமுறையில் f/33 ஆகிவிடும். ஒளியின் விளிம்பு விளைவால் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் 0.044 மி.மீ. வட்டாகப் பரவி, நாம் ஏற்ற 0.03ஐத் தாண்டி, படம் முழுவதும் மெல்ல மழுங்கும். கதிர்த்தடத்தில் இந்த விளைவு இல்லாததால் f/64இலும் ஊசி முனை போன்ற கூர்மை வரும். அந்தக் கூர்மை எந்த லென்ஸும் ஒரே சொடுக்கில் தராதது. அடுக்கிய படமோ வேறு வகை: கடிகாரம் முழுக்கக் கூர்மை, பின்னணி மட்டும் f/8இன் மங்கல். அதைப் போலச் செய்ய வேண்டுமானால் எஃப் எண்ணை ஏற்றுவது வழியல்ல. நிழற்படக்காரர் செய்வதையே செய்து, பல ஃபோகஸ் தூரங்களில் ரெண்டர் எடுத்து அடுக்க வேண்டும்.

அமைத்தது சரியா என்று சோதிக்க, கடிகாரத்தின் அளவுக்கு ஏற்ப மி.மீ. கோடிட்ட ஒரு அளவுகோலை மாதிரிக்குப் பக்கத்தில், கேமராவின் பார்வைக்கு 45 பாகையில் சாய்த்து வைத்து ரெண்டர் செய்யலாம். 3600 பிக்சல் அகலப் படத்தில் 0.03 மி.மீ. என்பது மூன்று பிக்சல். அதற்குள் அடங்கிய கூர்மையோடு நான்கு கோடுகள் தெரிந்தால் 2.9 மி.மீ. ஆழம் வந்துவிட்டது. மூன்றுக்கும் குறைவாக இருந்தால் லென்ஸின் மேல் அச்சிட்ட 100உம் 8உம் பெட்டிகளில் அப்படியே கிடக்கின்றன; அளவுகோலின் நாற்பது கோடுகளும் தெளிவாகத் தெரிந்தால் மாதிரி பத்து மடங்கு பெரிது.