தோடி காந்தாரமும் ரெண்டு பெட்டிகளும்

1904ல எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யைப் புரட்டினால் ஸ்வரங்களுக்கு மேல் விதவிதமான குறிகள் இருக்கும். கம்பிதத்துக்கு ஒரு அலைக்கோடு. ஏற்ற ஜாருவுக்கு ஒரு சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு எதிர்ப்பக்கம் சாயும் கோடு. நொக்கு, ஸ்ஃபுரிதம், ரவை, ஒடுக்கல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. 'க' என்று வெறுமனே அச்சடித்தால் அது எந்த ராகத்துக் காந்தாரம் என்றே தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

93 வருஷம் கழித்து, 1997ல, ஆட்டோ-டியூன் என்ற மென்பொருள் வந்தது. எழுதியவர் ஆண்டி ஹில்டிப்ராண்ட். அதற்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நில அதிர்வு அலைகளை அலசிக்கொண்டிருந்தவர். அந்த வேலையில் பழகிய சுயதொடர்புக் கணக்கை வைத்தே பாடகரின் சுருதியையும் கண்டுபிடித்தார். அந்தப் பெட்டியின் உலகத்தில் அலைக்கோட்டுக்கு இடமில்லை. ஒரு ஸ்வரம் என்றால் ஒரு படி. குரல் எந்தப் படிக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அங்கே கொண்டுபோய் நிறுத்து. அவ்வளவுதான் கட்டளை.

நம் சினிமாப் பாட்டுக்கு இது ஏன் பிரச்சினை என்று பார்க்க, ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்துக்கொள்கிறேன். தோடியின் காந்தாரம்.

பாடகிக்கு ஐந்தரைக் கட்டை சுருதி என்று வையுங்கள். ஸட்ஜம் சுமார் 208 ஹெர்ட்ஸ். சுத்த ரிஷபம் 220, சாதாரண காந்தாரம் 247, சுத்த மத்தியமம் 277. தோடியில் காந்தாரத்தை யாரும் 247ல் நிறுத்திப் பாடுவதில்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்தியமம் வரைக்கும் ஆட்டிப் பாடினால்தான் காந்தாரம். நொடிக்கு ஐந்து ஆட்டம் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு 200 மில்லிசெகண்ட். அந்த அசைவை ஒரு ஸைன் அலை மாதிரி எடுத்துக் கணக்குப் போட்டால், மேலே மத்தியமத்தின் பக்கம் 67 மில்லிசெகண்ட், கீழே ரிஷபத்தின் பக்கம் 67. போகும்போது 33, வரும்போது 33, ஆக மீதி 66தான் காந்தாரத்தின் பக்கம். அதாவது காந்தாரம் என்று எழுதியிருக்கிற ஸ்வரத்தில் மூன்றில் ரெண்டு பங்கு நேரம் குரல் காந்தாரத்தின் கிட்டவே இல்லை!

இப்போது திருத்தும் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்து ஆட்டோ-டியூனை ஓட்டுங்கள். 1998ல ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில் கேட்ட அந்த இயந்திரக்குரல் அமைப்பு அதுதான். தோடியின் ஸ்வரங்களை மட்டும் அனுமதித்திருந்தால் ரி, க, ம, க என்று நாலு வெட்டுப்படிகள் வரும். பன்னிரண்டு ஸ்வரத்தையும் அனுமதித்தால் படிகள் இன்னும் சிறியதாகும், அதுவும் வெட்டுதான். 'ராகத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் பெட்டி ராகத்தைக் காப்பாற்றும்' என்று நிறைய பேர் நம்புகிறார்கள். கமகத்தைப் பொறுத்தவரை அது தலைகீழ். அனுமதித்த ஸ்வரங்கள் குறையக் குறைய, படிக்கும் குரலுக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகும், இழுப்பும் அதிகமாகும்.

'சரி, வேகத்தை மெதுவாக வைத்தால்?' என்பதுதான் அடுத்த கேள்வி. பெட்டிக்குள் இருக்கும் உண்மையான கணக்கு வெளியில் கிடைக்காது. அதனால் ஒரு எளிய மாதிரியை நானே எழுதி ஓட்டிப் பார்த்தேன். திருத்தம் 50 மில்லிசெகண்ட் தாமதத்தோடு வருகிறது என்று வைத்தால் படிகள் மறைந்துவிடுகின்றன. ஆனால் வேறொன்று வருகிறது. குரல் மத்தியமத்தைத் தொட்டுத் திரும்பிக் கீழே இறங்க ஆரம்பித்த பிறகும் திருத்தம் இன்னும் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் திரும்புகிற அந்த முனை மழுங்கிப் போகிறது. காதில் இது 'டியூன் பண்ணின குரல்' மாதிரிக் கேட்காது, பாடகிக்குப் பயிற்சி போதாத மாதிரிக் கேட்கும். என்னைக் கேட்டால் வெட்டுப்படியைவிட இது மோசம், ஏனென்றால் பழி ஆள் மேல் விழுகிறது.

2001ல வந்த மெலோடைன் வேறு வழி. பீட்டர் நாய்பெக்கரின் அந்த மென்பொருள், குரலைக் குமிழ் குமிழாக வெட்டி, ஒவ்வொரு குமிழுக்கும் மூன்று விஷயத்தைத் தனித்தனியாகத் திருத்தவிடும்: நடுச்சுருதி, மெல்ல நகரும் சரிவு, வேகமான ஆட்டம். தோடிக் காந்தாரம் முழுக்க ஒரே குமிழாக விழுந்தால் நமக்கு அதிர்ஷ்டம். நடுச்சுருதியை மட்டும் பத்து சென்ட் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் ஆட்டம் அப்படியே கூட வரும் (நூறு சென்ட் என்றால் ஒரு ஸ்வரஸ்தானம்). ஆனால் பெரும்பாலும் ரி ஒரு குமிழ், ம ஒரு குமிழ் என்று வெட்டிவைத்திருக்கும். அப்படியே 'எல்லாவற்றையும் திருத்து' என்று அழுத்தினால் கதை முடிந்தது. முதலில் வெட்டுகளை நீக்கி ஒன்றாக்க வேண்டும். சரிவைத் தொடவே கூடாது. நாம் ஜாரு என்று சொல்வதை அந்த மென்பொருள் சரிவு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு விளம்பகால வரியில் சரிவை நூறு சதவீதம் திருத்தினால், ஸ்வரங்கள் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது.

இனி ரெண்டாவது பெட்டி, கம்ப்ரஸர். சத்தம் ஒரு அளவைத் தாண்டினால் அமுக்குகிற கருவி. 'ஹரிதாஸ்' (1944), 'மீரா' (1945) காலத்தில் ஒலி ஃபிலிமில் ஒளிக்கோடாகப் பதிவானது. சத்தம் கொஞ்சம் மீறினாலும் அந்தக் கோடு விளிம்பில் முட்டிக் கரகரக்கும். அதனால் அடக்குகிற வேலையின் பெரும்பகுதியைப் பாடுகிறவரின் கழுத்தும், மைக்கிலிருந்து அவர் விலகுகிற தூரமும், பொறியாளரின் விரலுமே செய்தன. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு எஸ். ஜானகி பாடியதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். குரல் நாகசுரத்தின் ஜாருவை அப்படியே பின்தொடர்கிறது. திருத்தும் பெட்டி பிறக்கவே இன்னும் 35 வருஷம் இருந்தது.

அறுபதுகளில் அமெரிக்காவில் வந்த ரெண்டு கம்ப்ரஸர்கள் இன்றைக்கும் மென்பொருள் வடிவத்தில் எல்லா வீட்டு ஸ்டூடியோவிலும் இருக்கின்றன. ஒன்று எல்.ஏ-2ஏ. உள்ளே ஒரு விளக்கும் ஒளியுணரும் தடையும் இருக்கும். சத்தம் ஏறினால் சுமார் 10 மில்லிசெகண்டில் பிடிக்கும். பாதிப் பிடியை 60 மில்லிசெகண்டில் விட்டுவிடும், மீதியை அரை செகண்டிலிருந்து சில செகண்ட் வரை நிதானமாக விடும். இன்னொன்று 1176. விடுவிக்கும் நேரத்தை 50 மில்லிசெகண்டிலிருந்து ஒரு செகண்டுக்கு மேல் வரை வைக்கலாம். பிடிக்கும் நேரமோ, மிக மெதுவான அமைப்பிலேயே 1 மில்லிசெகண்டுக்குக் கீழேதான். குமிழும் தலைகீழ், பெரிய எண் என்றால் வேகம்.

கமகம் ஆடும்போது சுருதி மட்டும் ஆடுவதில்லை, சத்தமும் ஆடும். 200 மில்லிசெகண்டுக்கு ஒரு ஏற்ற இறக்கம். கம்ப்ரஸர் 50 மில்லிசெகண்டில் விட்டுவிட்டால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருமுறை பிடித்து ஒருமுறை விடும். 4:1 விகிதத்தில் 6 டெசிபல் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒன்றரை டெசிபலாகச் சுருங்கும். சுருதி ஆடுகிறது, மூச்சின் அழுத்தம் ஆடவில்லை. கேட்பவருக்குக் கீபோர்டில் வளைத்த ஸ்வரம் மாதிரி இருக்கும். 600 மில்லிசெகண்ட் வைத்தால், ஒரு அரை ஆட்டத்துக்குள் பிடியில் 15 சதவீதம்தான் தளரும். 6 டெசிபல் பிடித்திருந்தால் 1 டெசிபலுக்கும் குறைவான அசைவு. கமகத்தின் உள் ஏற்ற இறக்கம் தப்பிக்கும், வரியின் ஒட்டுமொத்தச் சத்தம் மட்டும் அடங்கும்.

இதைக் கண்டுபிடிக்க காது தேவையே இல்லை. அமுக்கும் அளவைக் காட்டும் முள்ளைப் பாருங்கள். முள் கமகத்தின் தாளத்துக்கு நொடிக்கு ஐந்து தடவை ஆடினால் விடுவிக்கும் நேரம் குறைவு. வரிக்கு வரி சாய்ந்து நிமிர்ந்தால் சரி.

நண்பர் ஒருவரின் சிறிய ஸ்டூடியோவில், ஒரு படத்துக்கான விருத்தம் பதிவானபோது இதைச் செய்து பார்த்தோம். பாடகி கச்சேரிக்காரர். நல்ல அழுத்தமான கமகம்.

மைக்கை ஒரு சாண் தள்ளியே வைத்தோம். கிட்டே வைத்தால் தலை அசைகிற ஒவ்வொரு அங்குலமும் சத்தத்தில் தெரியும், அதைச் சமாளிக்க கம்ப்ரஸரை அதிகம் நம்ப வேண்டிவரும். 24 பிட்டில், உச்சம் -12 டெசிபலைத் தாண்டாத மாதிரிப் பதிவு. கம்ப்ரஸர் போட்டுப் பதிவு செய்யவே இல்லை, பதிவில் அமுக்கியதைத் திருப்பி எடுக்க முடியாது. ஹெட்ஃபோனில் தம்பூராவும் அவர் குரலும் மட்டும், திருத்தம் எதுவும் ஓடவில்லை. திருத்திய குரலைக் காதில் கேட்டுக்கொண்டே பாடினால் ஆட்டத்தின் அகலம் தானாகக் குறைகிறது. முதல் தடவை அதைத்தான் ஓடவிட்டிருந்தார் நண்பர், பாடகியே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "சார், இது என் பின்னாடி யாரோ பாடற மாதிரி இருக்கு" என்றார்.

மூன்று தடவை பாடவைத்தோம். சேர்க்கும்போது வெட்டு எல்லாம் மூச்சு எடுக்கும் இடத்தில்தான். ரெண்டு கமகங்களின் ஆட்ட வேகம் ஒன்றாகவே இருக்காது, நடுவில் ஒட்டினால் துள்ளும்.

பிறகு முதலில் கையால் சத்தத்தைச் சமன்செய்தோம். ஓங்கிய வரிகளை 3, 4 டெசிபல் இறக்கினோம், பழைய பொறியாளரின் விரல் செய்த வேலைதான். அதற்குப் பின்னால் பிடிக்கும் நேரம் 25 மில்லிசெகண்ட், விடுவிக்கும் நேரம் 600, விகிதம் 2:1. நொக்கின் முதல் அழுத்தம் அந்த 25 மில்லிசெகண்டில் நழுவி வெளியே வந்துவிடும். சுருதித் திருத்தம் நாலே இடத்தில், எல்லாம் நின்று பிடிக்கும் பஞ்சமமும் மேல் ஸட்ஜமும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, திருத்துவதற்கு முன்னும் பின்னும் சுருதிக்கோட்டை வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன்.

```python
import librosa, numpy as np
y, sr = librosa.load("take3.wav", sr=44100)
f0, v, p = librosa.pyin(y, sr=sr, fmin=140, fmax=900,
                        frame_length=2048, hop_length=256)
cents = 1200 * np.log2(f0 / 207.65)
```

இதில் `sr=44100` முக்கியம். எதுவும் சொல்லாமல் விட்டால் லிப்ரோசா 22050க்கு மாற்றிவிடும். அப்போது 2048 மாதிரிகள் என்பது 93 மில்லிசெகண்ட் ஜன்னல், கிட்டத்தட்ட அரை ஆட்டம். அளக்கிற கருவியே கமகத்தைச் சராசரியாக்கி மழுக்கிவிடும், பழி கம்ப்ரஸர் மேலோ ட்யூனர் மேலோ விழும். 44100ல் அது 46 ஆகிறது. ரெண்டு கோடுகளிலும் பார்க்க வேண்டியது ஆட்டத்தின் மேல்முனை, கீழ்முனை, முனைகள் வரும் நேரம். நடுச்சுருதி நகரலாம். முனை தாமதமானாலோ, உச்சியில் தட்டையான மேடு தெரிந்தாலோ பெட்டி கை வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பதிவில் ஒரே இடத்தில் மேடு தெரிந்தது. மேல் ஸட்ஜத்திலிருந்து நிஷாதத்துக்கு இறங்கும் ஜாருவின் வாலைத் திருத்தம் பிடித்து வைத்திருந்தது. குமிழின் வலதுபக்க எல்லையை 80 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளியதும் சரியாகிவிட்டது. இசையமைப்பாளர் கேட்டுவிட்டு, ரெண்டாவது வரியின் பஞ்சமம் ஒன்றையும் பழையபடியே விட்டுவிடச் சொன்னார். ஆக மொத்தம் மூன்று இடம்.