ஆயிரம் பார்வைக்கு எத்தனை சந்தாதாரர்? யாழ்ப்பாணக் காணொளிகளை அளக்கும் முறை

யாழ்ப்பாணத்திலிருந்து இயங்கும் யூடியூப் சனல்களில் மூன்று வகைக் காணொளிகளை அடிக்கடி காணலாம்: கோயில் திருவிழா, சமையல், ஊர் வீதிகளைச் சுற்றிக் காட்டும் பதிவு. இவற்றுள் எது வந்து பார்த்தவரைச் சந்தாதாரராக்குகிறது என்பதைப் பார்வை எண்ணிக்கை சொல்லாது. அதனால்தான் ஒரு காணொளி தந்த சந்தாதாரரை அதன் பார்வைகளால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கிப் பார்க்கிறார்கள். இந்த விகிதம் பயனுள்ளது. ஆயினும் எந்தப் பார்வைகளால் வகுக்கிறோம் என்பதைச் சரிபார்க்காவிட்டால், புலம்பெயர்ந்தோரை நம்பி இயங்கும் சனல்களில் அது தவறான வகையை முன்னே நிறுத்திவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணம் எளிது. ஏற்கெனவே சந்தாதாரராக இருப்பவர் மீண்டும் சந்தாதாரராக முடியாது. ஆனாலும் அவர் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பார்வைக் கணக்கில் சேர்கிறது. பழைய சந்தாதாரர் விரும்பிப் பார்க்கும் காணொளிக்கு அந்த விருப்பமே விகிதத்தைக் குறைத்துவிடுகிறது. யூடியூப் ஸ்டூடியோவின் விரிவான பகுப்பாய்வில் `Subscription status` என்ற பிரிவைத் திறந்தால், சந்தாதாரர் பார்த்தவையும் மற்றவர் பார்த்தவையும் தனித்தனியே தெரியும். வகுக்க வேண்டியது இரண்டாவது எண்ணால்.

முறையை விளக்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். நல்லூர்த் திருவிழாவின் 24ஆம் நாளான தேர்த் திருவிழாக் காணொளி 60,000 பார்வைகளையும் 120 புதிய சந்தாதாரரையும் பெறுகிறது. ஒடியற்கூழ் காய்ச்சும் காணொளி 20,000 பார்வைகளில் அதே 120 பேரைத் தருகிறது. கரவெட்டியின் ஒழுங்கைகளில் நடந்து எடுத்த பதிவுக்கு 9,000 பார்வைகள், 45 சந்தாதாரர். சாதாரண விகிதம் முறையே 2, 6, 5. கூழ் முதலிடம், ஊர்ப்பதிவு சற்றுப் பின்னே.

இனி சந்தாதாரர் அல்லாதோரின் பார்வைகளை மட்டும் எடுப்போம். தேருக்கு 48,000, கூழுக்கு 16,000, ஊர்ப்பதிவுக்கு 3,000 என்றால் விகிதங்கள் 2.5, 7.5, 15 ஆகின்றன. வரிசை மாறிவிட்டது. ஊர்ப்பதிவின் பார்வைகளில் மூன்றில் இரண்டு பங்கு பழைய சந்தாதாரருடையது. எஞ்சிய புதியவர்களிடம் அது கூழைவிட இரு மடங்கு வலுவாக வேலை செய்திருக்கிறது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. தேரைப் பார்க்க வருபவருக்குத் தேவை அந்த நாளின் தரிசனம். யார் காட்டினாலும் போதும். ஒடியல் மாவை ஊறவைத்துக் கசப்பைப் போக்கும் பக்குவத்தைத் தேடி வருபவர் அதைக் கற்றதும் போய்விடலாம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து கரவெட்டி என்று தேடுபவரோ தன் ஒழுங்கையையும் படித்த பள்ளியையும் தேடுகிறார். இன்று காணாத இடத்தை அடுத்த பதிவில் காணலாம் என்ற எதிர்பார்ப்பு அவரைச் சந்தாதாரராக்குகிறது. ஆனால் ஓர் ஊரைத் தேடுவோரின் தொகை சிறியது. அவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த பின் அதே ஊரின் நான்காவது பதிவு அந்த விகிதத்தைத் தராது. உயர்ந்த விகிதம் பெரிய வளர்ச்சிக்கு உறுதிமொழி அல்ல.

சிறிய எண்களிலும் கவனம் வேண்டும். 400 பார்வைகளில் 4 சந்தாதாரர் கிடைத்தால் விகிதம் 10 எனத் தெரியும். ஆனால் 4 என்ற எண்ணிக்கை தற்செயலாகவே 1 ஆகவோ 10 ஆகவோ இருந்திருக்கக்கூடும். உண்மை விகிதம் 3க்கும் 25க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆகவே தனிக் காணொளிகளின் விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. ஒரே வகைக் காணொளிகளின் சந்தாதாரரையெல்லாம் கூட்டி, பார்வைகளையெல்லாம் கூட்டி, பிறகே வகுக்க வேண்டும்.

ஷார்ட்ஸ் காணொளிகளை இவற்றோடு ஒரே பட்டியலில் வைக்கவும் முடியாது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வையாகிறது. குறைந்தபட்ச நேரம் பார்த்திருக்க வேண்டியதில்லை. அதனால் அந்த நாளுக்கு முந்திய விகிதத்தையும் பிந்திய விகிதத்தையும் ஒப்பிட்டு, ஷார்ட்ஸ் வலுவிழந்தது என்று முடிவு கட்டுவது பிழை. மாறியது எண்ணும் முறை.

திருத்திய விகிதத்துக்கும் எல்லை உண்டு. ஒரு காணொளியின் கணக்கில் சேர்வது அதன் பக்கத்திலேயே சந்தாதாரரானவர் மட்டுமே. ஊர்ப்பதிவைப் பார்த்துவிட்டுச் சனலின் முகப்புக்குப் போய், வேறு ஊர்களும் இருக்கின்றனவா என்று பார்த்து அங்கே சேர்ந்தவர் எந்தக் காணொளிக்கும் வரவு வைக்கப்படுவதில்லை. கணக்கில் நுழையாமல் பார்க்கும் பழைய சந்தாதாரரும் புதியவராகவே எண்ணப்படுவார். இவ்விரு குறைகளும் ஊர்ப்பதிவின் விகிதத்தைக் குறைத்தே காட்டும். ஆகவே நம் எடுத்துக்காட்டில் அதற்குக் கிடைத்த முதலிடம் இக்குறைகளால் வந்ததன்று. தேர்க் காணொளி புதியவரைத் திரளாகக் கொண்டுவருகிறது, ஊர்ப்பதிவு வந்தவரைத் தக்கவைக்கிறது. ஒரே விகிதத்தில் இரண்டையும் மதிப்பிட்டு ஒன்றைக் கைவிடும் சனல், தன் வளர்ச்சியின் ஒரு பாதியை இழக்கும்.