இருபத்தைந்து சென்ட் புத்தகத்தின் இன்றைய விலை

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நண்பர் ஒருவர் ஒரு கட்டுரை கொடுத்திருந்தார். அமெரிக்காவில் மலிவுப் பதிப்புகள் வந்த கதை. மெய்ப்புப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டே போனவன் ஓர் அடிக்குறிப்பில் நின்றுவிட்டேன்.

1939-ல் ராபர்ட் டி கிராஃப் என்பவர் 'பாக்கெட் புக்ஸ்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜேம்ஸ் ஹில்டனின் நாவல் முதல் எண்ணோடு வந்தது. கெட்டி அட்டைப் புத்தகங்கள் இரண்டு டாலருக்கு மேல் விற்ற காலத்தில் இவருடைய புத்தகங்களின் விலை 25 சென்ட். இவ்வளவும் சரி. அடிக்குறிப்பு இப்படிச் சொன்னது: "1939 முதல் 2024 வரை அமெரிக்காவில் விலைவாசி ஆண்டுக்குச் சராசரியாக 3.73 விழுக்காடு ஏறியிருக்கிறது. ஆகவே அன்றைய 25 சென்ட், 2024-ல் 1 டாலர் 4 சென்ட்டுக்குச் சமம்."

இதை நம்பித்தான் கட்டுரையின் கடைசிப் பகுதி முழுவதும் நின்றது. ஒரு டாலருக்குக் கொடுக்கவேண்டிய புத்தகத்தை இன்றைய பதிப்பாளர்கள் பத்து டாலருக்கு விற்றுக் கொள்ளை அடிக்கிறார்கள் என்று நண்பர் வெளுத்து வாங்கியிருந்தார். குற்றச்சாட்டு பெரியது. அதைத் தாங்கும் கணக்கு ஒரே ஒரு வரி.

எனக்கு முதலில் உறுத்தியது கணக்கு அல்ல, அனுபவம். 1990-களில் நான் இங்கே வந்தபோது இருந்த விலைகளும் இப்போதைய விலைகளும் தெரியும். அந்தக் குறுகிய காலத்திலேயே பல சாமான்கள் இரண்டு மடங்காகிவிட்டன. அப்படியிருக்க, உலகப்போர், எண்ணெய் நெருக்கடி எல்லாவற்றையும் கடந்து வந்த 85 ஆண்டுகளில் விலைவாசி நாலே மடங்குதான் ஏறியது என்றால் நம்ப முடியவில்லை.

சரி, இந்த 1 டாலர் 4 சென்ட் எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. விடையைப் பழைய விலையால் வகுங்கள்: 104-ஐ 25-ஆல் வகுத்தால் 4.16. அதில் அசலுக்கு உரிய ஒன்றைக் கழித்தால் 3.16. இதை ஆண்டு விகிதமான 0.0373-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 85. ஆண்டுகளின் எண்ணிக்கையே திரும்பி வருகிறது! இப்படி வந்தால் சந்தேகமே வேண்டாம், விகிதத்தை ஆண்டுகளால் பெருக்கி அசலோடு கூட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த தனிவட்டி.

நண்பருக்குத் தொலைபேசினேன்.

"அண்ணா, விலைவாசிக்குத் தனிவட்டி போட்டிருக்கீங்க."

"ஏன் தம்பி, வருஷத்துக்கு 3.73 சதவீதம், 85 வருஷம். பெருக்க வேண்டியதுதானே?"

"முதல் வருஷம் 25 சென்ட்டுக்குத்தான் 3.73 சதவீதம். ரெண்டாவது வருஷம் ஏறின விலை மேல 3.73 இல்லையா?"

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. "வட்டி குட்டி போடும்ங்கிறே" என்றார்.

அதேதான். விலையேற்றம் எப்போதும் முந்தைய ஆண்டின் விலை மீது ஏறுகிறது. கடைக்காரர் 1939-ன் விலையை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆண்டும் அதே ஒரு சென்ட்டைக் கூட்டுவதில்லை. எனவே 1.0373 என்ற பெருக்கை 85 முறை போட வேண்டும். விரிதாளில் எழுதினால் ஒரு வரி:

```
=0.25*(1+0.0373)^85
```

விடை 5.62. அதாவது 5 டாலர் 62 சென்ட். நண்பரின் விடையைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். பத்து ஆண்டுக் கணக்காக இருந்திருந்தால் இந்தப் பிழை யார் கண்ணிலும் பட்டிருக்காது. தனிவட்டிப்படி 34 சென்ட், கூட்டுவட்டிப்படி 36 சென்ட், அவ்வளவுதான் வித்தியாசம். காலம் நீள நீளத்தான் இரண்டும் விலகிப் போகின்றன.

கணினி கையில் இல்லாதவர்கள் மனக்கணக்காகவே சோதிக்கலாம். 70-ஐ ஆண்டு விகிதத்தால் வகுத்தால், விலை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது உத்தேசமாகக் கிடைக்கும். 70-ஐ 3.73-ஆல் வகுத்தால் சுமார் 19. பத்தொன்பது பத்தொன்பது ஆண்டுகளாகப் போய்ப் பாருங்கள்: 25 சென்ட், 50 ஆகிறது, ஒரு டாலர் ஆகிறது, இரண்டு டாலர், நான்கு டாலர். இதற்குள் 76 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் ஒன்பது ஆண்டு பாக்கி, கிட்டத்தட்ட அரை இரட்டிப்பு. ஐந்தரை டாலருக்கு மேல் வருகிறது. எந்த விடையானாலும் இந்த வட்டாரத்தில் இருக்க வேண்டும். ஒரு டாலர் என்று சொன்னால் 38 ஆண்டோடு கணக்கு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் நண்பர் தாமே விரிதாளில் ஆண்டுவாரியாகப் போட்டு அனுப்பினார். இந்த முறை விடை 5 டாலர் 42 சென்ட். கூட்டுவட்டி முறை சரியாக இருக்கிறது, ஆனால் இருபது சென்ட் குறைகிறது. என் விடையை அவர் விடையால் வகுத்தேன். 1.037 வந்தது. ஒரே ஓர் ஆண்டின் பெருக்கு! எங்கோ ஓர் ஆண்டு விட்டுப்போயிருக்கிறது. அவருடைய தாளைத் திறந்தால், முதல் வரிசையில் 1940 என்று போட்டு அதன் எதிரே 25 சென்ட் என்று எழுதியிருந்தார். புத்தகம் வந்தது 1939. முதல் ஏற்றமே அங்கே காணாமல் போய்விட்டது. இரண்டு ஆண்டு விட்டுப்போயிருந்தால் 1.0373-ன் வர்க்கமான 1.076 வந்திருக்கும். இந்த வகுத்தல் அதனால்தான் எனக்குப் பிடிக்கும். பிழை இருக்கிறது என்பதோடு எத்தனை ஆண்டுப் பிழை என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

இதற்குப் பிறகும் எனக்குத் திருப்தி இல்லை. 3.73 என்ற அந்த விகிதம் சரியா? அதை ஓர் இணையக் கணிப்பானிலிருந்து எடுத்ததாக அவர் சொன்னார். விகிதத்தை நம்பாமல் மூலத்துக்கே போய்விடுவது நல்லது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 1913 முதல் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைத் தருகிறது. 1982 முதல் 1984 வரையிலான சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, 1939-க்கு 13.9, 2024-க்கு 313.689. இரண்டையும் வகுத்தால் 22.57 மடங்கு. 25 சென்ட்டை அதனால் பெருக்கினால் 5 டாலர் 64 சென்ட். இங்கே வட்டி, விகிதம், ஆண்டு எண்ணிக்கை எதுவுமே இல்லை. 85 ஆண்டுகளின் கூட்டு ஏற்றம் முழுவதும் அந்த இரண்டு எண்களுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. விகிதம் வேண்டுமென்றால் இதிலிருந்து பின்னோக்கி எடுக்கலாம்:

```
=(313.689/13.9)^(1/85)-1
```

3.73 விழுக்காடு வருகிறது. ஆக, விகிதம் சரிதான். 5.62-க்கும் 5.64-க்கும் உள்ள இரண்டு சென்ட், விகிதத்தை இரண்டு தசமத்தோடு வெட்டியதால் வந்தது. ஒரே தசமத்தோடு 3.7 என்று வைத்திருந்தால் 5 டாலர் 48 சென்ட் ஆகியிருக்கும். நீண்ட காலத்துக்கு விகிதத்தில் ஒரு துளி வெட்டினாலும் அதுவும் கூட்டுவட்டியோடு வளர்கிறது. அதற்காக 5.6419 என்று நான்கு தசமம் எழுதுவதும் வீண். 1939-ன் எண் 13.9 என்று ஒரு தசமத்தோடு மட்டுமே இருக்கிறது. உண்மையில் அது 13.85-க்கும் 13.95-க்கும் நடுவே எதுவாகவும் இருக்கலாம். ஆகவே விடையும் 5.62-க்கும் 5.66-க்கும் இடையில் ஏதோ ஒன்று. 'சுமார் 5 டாலர் 65 சென்ட்' என்று எழுதினால் போதும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த 3.73 அந்த 85 ஆண்டுகளுக்கு மட்டுமே சொந்தம். உள்ளே ஏற்றம் சீராக நடக்கவில்லை. 1980-ல் ஒரே ஆண்டில் 13.5 விழுக்காடு ஏறியது. 2009-ல் விலைவாசி லேசாக இறங்கவே செய்தது. நண்பர் உற்சாகத்தில், 1996-ல் தாம் வாங்கிய ஒரு புத்தகத்துக்கும் அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்திருந்தார். 28 ஆண்டுக்கு 2.79 மடங்கு வந்தது. குறியீட்டெண்ணின்படி 1996-க்கு 156.9; அதிலிருந்து 2024-க்கு இரண்டு மடங்குதான். பெருக்கியதில் பிழை இல்லை, வேறு காலத்து விகிதத்தை இரவல் வாங்கியதுதான் பிழை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று சொல்லாத விகிதத்தை நான் இப்போதெல்லாம் தொடுவதே இல்லை.

கடைசியாக, நண்பரே ஒரு நல்ல கேள்வி கேட்டார். "எல்லாம் சரி தம்பி, அந்தக் காலத்து ஆள் ஒருத்தனுக்கு இருபத்தைஞ்சு சென்ட் எவ்வளவு பெரிசு?" இதற்குக் குறியீட்டெண்ணில் பதில் கிடையாது. அது ரொட்டி, வாடகை, துணிமணி என்று ஒரு கூடைச் சாமானின் விலையை மட்டுமே ஒப்பிடுகிறது. கூலியைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசின் முதல் குறைந்தபட்சக் கூலி 1938 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 25 சென்ட்! 1939 அக்டோபரில்தான் அது 30 ஆனது. அதாவது பாக்கெட் புக்ஸ் வெளிவந்த கோடையில், அந்தச் சட்டத்துக்குள் வந்த கடைநிலைத் தொழிலாளி ஒருவர் சரியாக ஒரு மணி நேரம் உழைத்தால் ஒரு புத்தகம். 2024-ல் அதே மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். விலைவாசிக் கணக்கு 5.64 என்கிறது, உழைப்புக் கணக்கு 7.25 என்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை. ஒரு டாலர் 4 சென்ட் மட்டும் எந்தக் கேள்விக்கும் விடையாகாது.

பத்து டாலர் என்பது இன்னமும் கூடுதல்தான். ஆனால் பத்து மடங்கு கொள்ளை இல்லை, இரண்டு மடங்குகூட இல்லை. நண்பர் கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு, நன்றாக எழுதியிருந்த பக்கங்கள். மலரில் வந்த அடிக்குறிப்பு இது: "1939-ன் 25 சென்ட், நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின்படி (1939: 13.9, 2024: 313.689), 2024-ல் சுமார் 5 டாலர் 65 சென்ட். அன்று அது ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலி."