‘உடனடியாக’ என்றால் எத்தனை மணித்தியாலம்?

சிறுநீரக நோய் அதிகம் பதிவான வவுனியா மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் குடிநீருக்கு ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையங்களையே மக்கள் நம்பியிருக்கிறார்கள். இயந்திரத்தைத் தருபவர் ஒருவராக இருப்பார். பின்னர் அதை நடத்துவது கிராமச் சங்கம், திருத்துவது வெளியூர் நிறுவனம். இந்த இருவருக்கும் இடையிலான பராமரிப்பு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் முக்கியமானது: “பழுது அறிவிக்கப்பட்டால் 24 வேலை மணித்தியாலங்களுக்குள் கவனிக்கப்படும்.”

கேட்க நல்லாயிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சங்கம் மாதம் 30,000 ரூபா பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் 4.10க்கு உயர் அழுத்த மோட்டர் எரிந்துவிடுகிறது. தலைவி செய்தி அனுப்புகிறார். தொழில்நுட்பவியலாளர் திங்கள் காலை வந்து பார்க்கிறார். புதிய மோட்டர் கொழும்பிலிருந்து வந்து சேர, செவ்வாய் பிற்பகல் 3 மணிக்குத் தண்ணீர் வருகிறது. கிராமம் தண்ணீரின்றி இருந்தது 94 மணித்தியாலம் 50 நிமிடம். ஆனால் நிறுவனத்தின் வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8.30 முதல் மாலை 4.30 வரை. அப்படி எண்ணினால் வெள்ளி 20 நிமிடம், திங்கள் 8 மணித்தியாலம், செவ்வாய் ஆறரை மணித்தியாலம். மொத்தம் 14 மணித்தியாலம் 50 நிமிடம். ஒப்பந்தம் மீறப்படவே இல்லை! போதாததற்கு, ‘கவனிக்கப்படும்’ என்ற சொல்லுக்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும்.

ஆகவே முதலில் பிரிக்க வேண்டியது பதில் தரும் நேரத்தையும் சீராக்கும் நேரத்தையும். “அறிவித்து 4 மணித்தியாலங்களுக்குள் தொழில்நுட்பவியலாளர் தொலைபேசியில் பேச வேண்டும், 48 மணித்தியாலங்களுக்குள் நீர் விநியோகம் சீராக வேண்டும். விடுமுறை, போயா தினங்கள் உட்பட எல்லா மணித்தியாலங்களும் எண்ணப்படும்” என்று எழுதலாம். 48க்குப் பதிலாக 12 என்று கேட்கவும் முடியும். ஆனால் அதற்கு நிறுவனம் உதிரி மோட்டரை வவுனியாவிலேயே வைத்திருக்க வேண்டும், கட்டணமும் ஏறும். எது தாங்கும் என்பதைச் சங்கம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது, மணிக்கூடு எப்போது தொடங்குகிறது? “சனியே சொன்னோம்”, “திங்கள்தான் கேள்விப்பட்டோம்” என்ற வாக்குவாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. குறிப்பிட்ட ஒரே இலக்கத்துக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பப்பட்ட நேரமே தொடக்கம் என்று எழுதினால் இரு தரப்பின் கைபேசியிலும் சான்று இருக்கும். மின்வெட்டு, பூட்டிய கதவு போன்ற நிறுவனத்தின் கையில் இல்லாத நேரத்தைக் கழிப்பது நியாயமே. ஆனால் நிலையத்திலுள்ள பதிவுப் புத்தகத்தில் இருவரும் ஒப்பமிட்ட நேரம் மட்டுமே கழிக்கப்பட வேண்டும்.

மணிக்கூடு எப்போது நிற்கிறது என்பதில்தான் பல ஒப்பந்தங்கள் கோட்டை விடுகின்றன. இயந்திரம் ஓடுகிறது, குழாயில் தண்ணீரும் வருகிறது. ஆனால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருந்தால் உப்பு நீர் கலந்தே வரும். கரைந்த திண்மங்களை அளக்கும் சிறிய ரீ.டி.எஸ். மீற்றர் இதைக் காட்டிக்கொடுக்கும். குடிநீருக்கான எஸ்.எல்.எஸ். 614 தரநிலையின் உச்ச அளவு லீற்றருக்கு 500 மில்லிகிராம். ஆர்.ஓ. நீர் அதைவிடப் பல மடங்கு குறைவாக வர வேண்டும் என்பதால் ஒப்பந்தத்தில் 150 என்று வைக்கலாம். 150ஐத் தாண்டினால் அது பழுது. திரும்ப அதற்குள் வந்து, இருவரும் மீற்றரைப் படம் எடுத்தால்தான் சீரானது. (இந்த மீற்றர் கிருமிகளைக் காட்டாது. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனை தனியாக வேண்டும்.)

இனி நிவாரணம். “தாமதத்துக்கு உரிய இழப்பீடு வழங்கப்படும்” என்ற வரியால் ஒரு சதம்கூட வராது. “48 மணித்தியாலத்தைத் தாண்டும் ஒவ்வொரு முழு 12 மணித்தியாலத்துக்கும் மாதக் கட்டணத்தில் 5 வீதம், அடுத்த மாதப் பட்டியலிலேயே கழிக்கப்படும், மாதத்துக்கு உச்சம் 25 வீதம்” என்று எழுதினால் யாரும் கூட்டிப் பார்க்கலாம். நம் உதாரணத்தில் 2 மணித்தியால மின்வெட்டு பதிவாகியிருந்தால், எண்ண வேண்டியது 92 மணித்தியாலம் 50 நிமிடம். தாமதம் 44 மணித்தியாலம் 50 நிமிடம். அதில் முழு 12கள் மூன்று. கழிவு 4,500 ரூபா. உச்சவரம்பு நிறுவனத்துக்கான சலுகை போலத் தெரியும். அது இல்லாவிட்டால் எந்த நிறுவனமும் கையொப்பமிடத் தயங்கும்.

ஆனால் 4,500 ரூபா தாகத்தைத் தீர்க்காது. அதனால், 48 மணித்தியாலம் கடந்தால் சீராகும்வரை நாளொன்றுக்கு 1,000 லீற்றர் குடிநீரை நிறுவனம் பவுசரில் தர வேண்டும், சங்கம் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டே சான்று என்றும் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்தில் மூன்று மாதங்கள் உச்சக் கழிவைத் தொட்டால், தண்டமின்றி ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமையும் சங்கத்துக்கு வேண்டும். இல்லையேல் 25 வீதத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மெதுவாகவே வருவது நிறுவனத்துக்கு இலாபமாகிவிடும்.

இவை எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், பதிவுப் புத்தகத்தை எழுதுபவருக்கே தான் எதை அளக்கிறேன் என்று தெரியாது. தமிழ்ப் பிரதியும் கையொப்பமிடப்பட்டு, முரண்பாடு வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும்.