பெறுமதி சேர் வரி: படிதோறும் அறவிடுவது ஏன், சுமப்பவர் யார்?

கடையில் நாம் வாங்கும் ஒரு சட்டையின் பற்றுச்சீட்டில் பெறுமதி சேர் வரி ஒரே வரியில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அந்தத் தொகை அரச திறைசேரிக்கு ஒரே கையினால் செலுத்தப்படுவதில்லை. நூற்பாலைக்காரர், நெசவாலைக்காரர், கடைக்காரர் என ஒவ்வொருவரும் அதில் ஒரு துண்டைச் செலுத்தியிருப்பர். முழுவதையும் சுமப்பவரோ சட்டையை அணிபவர். இவ்விசித்திரமான ஏற்பாடு எவ்வாறு பிறந்தது என்பதை அறிய, முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும்.

போர்ச் செலவினால் நொடித்த ஜேர்மனியும் பிரான்சும் புரள்வு வரியை நாடின. ஒவ்வொரு விற்பனையிலும் முழு விலையின் மீது வரி என்பதே அதன் விதி. வீதத்தைப் பத்துச் சதவீதம் எனக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். நூற்பாலை 100 ரூபா நூலை 110 ரூபாவுக்கு விற்கிறது. நெசவாலை தன் பங்குக்கு 100 ரூபா சேர்க்க, விலை 210 ஆகிறது, வரியுடன் 231. கடைக்காரர் மேலும் 100 சேர்க்க, 331. வரியுடன் 364 ரூபா 10 சதம். உழைப்பினால் சேர்ந்த பெறுமதி 300 ரூபா மட்டுமே. வரியோ 64 ரூபாவைத் தாண்டிவிட்டது. வரிக்கு மேல் வரி விழுந்ததே காரணம். மூன்று வேலைகளையும் ஒரே பெரிய நிறுவனம் செய்திருந்தால் ஒரு முறை மட்டும், 30 ரூபா வரியுடன் தப்பியிருக்கும். சிறு தொழிலகங்களை இவ்வரி தண்டித்தது.

பிரான்ஸ் 1936 இல் வேறு வழியை முயன்றது. உற்பத்தியாளர்களிடையே பொருட்கள் வரியின்றிக் கைமாறின. உற்பத்தியின் கடைசிப் படியில் மட்டும் வரி அறவிடப்பட்டது. அடுக்குவரி ஒழிந்தது, ஆனால் கடைசியாள் ஏமாற்றினால் முழு வரியும் போயிற்று. ஆகவே 1948 இல் வரியைத் துண்டுகளாக்கினர். ஒவ்வொருவரும் தம் விற்பனைக்குரிய வரியில், மூலப்பொருளுக்குத் தாம் ஏற்கெனவே கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மிகுதியைச் செலுத்தினர். வரி அதிகாரியான மொரிஸ் லோரே என்பவரின் யோசனைப்படி 1954 ஏப்ரலில் வந்த சட்டம், இயந்திரங்களுக்குக் கொடுத்த வரியையும் கழிக்க இடமளித்தது. பெறுமதி சேர் வரி பிறந்தது அவ்வாறே.

அதே சட்டைக்கு மீண்டும் வருவோம். நூற்பாலை 10 ரூபா செலுத்துகிறது. நெசவாலை 200 ரூபா விற்பனைக்கு 20 அறவிட்டு, கொடுத்த 10 ஐக் கழித்து 10 செலுத்துகிறது. கடைக்காரர் 300 ரூபாவுக்கு 30 அறவிட்டு, 20 ஐக் கழித்து 10 செலுத்துகிறார். திறைசேரிக்கு 30, நுகர்வோர் கொடுப்பது 330. வணிகர் மூவரும் தாம் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுவிட்டனர். கழிப்பதற்கு உரிமையில்லாத ஒரே ஆள் நுகர்வோர். எனவே சுமை அவரிடம் தங்குகிறது.

படிதோறும் அறவிடுவதன் நுட்பம் ஏய்ப்பின்போதே விளங்கும். நூற்பாலை தன் விற்பனையை மறைத்தால், நெசவாலைக்குக் கழிக்க வரிப்பட்டியல் இல்லை. அது 20 ரூபாவையும் செலுத்த நேரும். அரசுக்கு நட்டமில்லை. கடைக்காரர் மறைத்தாலும் 20 ரூபா முன்னரே வந்துவிட்டது. வாங்குபவரே விற்பவரிடம் பட்டியலைக் கேட்டு வாங்குவதால், வணிகர்கள் ஒருவரையொருவர் காவல் செய்கின்றனர்.

ஏற்றுமதிக்கும் இது உதவியது. புரள்வு வரியில் ஒரு பொருளுக்குள் எவ்வளவு வரி மறைந்துள்ளது என்பதை எவராலும் திட்டமாகக் கூற இயலாது. இங்கோ பட்டியலே சாட்சி. எல்லையில் முழுவதையும் திருப்பிக் கொடுக்கலாம். 1967 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இம்முறையைத் தன் உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியமைக்கு இது முக்கிய காரணம். இலங்கையில் 1998 ஏப்ரலில் புரள்வு வரியின் இடத்தில் பண்டங்கள் சேவைகள் வரியும், 2002 ஆகஸ்டில் அதனிடத்தில் பெறுமதி சேர் வரியும் வந்தன. 2024 ஜனவரியில் வீதம் 18 சதவீதமாயிற்று.

ஆயினும் சங்கிலியில் பலவீனமான கண்ணிகள் உண்டு. ஒன்று, போலிப் பட்டியல். இல்லாத நிறுவனத்திடம் வாங்கியதாகக் காட்டி, ஒருபோதும் செலுத்தப்படாத வரியை அரசிடமே திரும்பக் கேட்கலாம். விற்றவர் காட்டிய கணக்கையும் வாங்கியவர் காட்டிய கணக்கையும் பொருத்திப் பார்த்தாலன்றி இது வெளிப்படாது. மற்றையது, விலக்களிப்பு. விலக்களிக்கப்பட்ட பொருளை விற்பவர் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. அதனை விலையில் சேர்த்துவிடுவார். பற்றுச்சீட்டில் வரி காணப்படாது. ஆனால் நாம் கொடுத்திருப்போம்.

கடைசிக் கண்ணி நாமே. கழிக்க ஒன்றுமில்லாத நுகர்வோருக்குப் பட்டியல் கேட்கவும் தேவையில்லை. வரியைச் சேர்த்து விலை வாங்கி, பற்றுச்சீட்டுக் கொடாத கடையில் நாம் கொடுத்த வரியின் கடைசித் துண்டு திறைசேரியைச் சென்றடைவதில்லை. சுமந்தவர் நாம், பயனடைந்தவர் கடைக்காரர்.